கத்தி படும் முன் ஓர் ஊசி



நான் மயக்கவியல் மருத்துவர். அறுவைக்கூடத்தில் நோயாளியின் தலைமாட்டில் நிற்பவள். மயக்கம் கொடுப்பதும், மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனிப்பதும்தான் என் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் கையில் இன்னொரு சிறிய பொறுப்பும் இருக்கிறது. அறுவைக்கு முன் போடப்படும் ஆன்டிபயாடிக் ஊசியைச் சரியான நேரத்தில் நரம்பில் ஏற்றுவது. இன்று அந்த ஓர் ஊசியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எல்லா அறுவைகளையும் தொட்டுக்கொண்டு போனால் எதுவும் மனத்தில் நிற்காது என்பதால் சிசேரியனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ நாற்பத்தைந்து சிசேரியன். இந்த அவையில் இருக்கும் பலரது வீட்டில் யாராவது ஒருவர் அந்த மேசையில் படுத்திருப்பார்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். நோய்த்தொற்று வந்த பிறகு கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிகிச்சை. தொற்று வராமல் இருப்பதற்காகக் கொடுப்பது தடுப்பு. மருந்து ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் கொடுக்கும் நேரமும் அளவும் எத்தனை நாள் என்பதும் முற்றிலும் வேறு. குடல் வெடித்துச் சீழ் பரவிய வயிற்றைத் திறக்கும்போது உள்ளே ஏற்கெனவே நோய் இருக்கிறது, அங்கே சில நாள் மருந்து தேவை. பனிக்குடத்தில் கிருமி ஏறிக் காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கும் அப்படித்தான். நான் பேசப்போவது காய்ச்சல் இல்லாமல், நல்ல உடல்நிலையோடு சிசேரியனுக்கு வரும் பெண்ணைப் பற்றி. அவருக்கு நோய் இல்லை. நாம் தோலைக் கிழிப்பதால் நோய் வரக்கூடும். அதைத் தடுக்கவே இந்த ஊசி.

தோலை எவ்வளவு தேய்த்துச் சுத்தம் செய்தாலும் கிருமிகள் முழுமையாக ஒழிவதில்லை. மயிர்க்கால்களுக்குள்ளும் வியர்வைச் சுரப்பிகளுக்குள்ளும் அவை குடியிருக்கின்றன. கத்தி உள்ளே போகும்போது சில கிருமிகளும் கூடவே போகின்றன. சிசேரியனில் இதற்கு மேல் இன்னொரு வழியும் உண்டு. கருப்பையைத் திறந்ததும் பிறப்புப் பாதையின் கிருமிகள் காயத்தை எட்டுகின்றன, வலி கண்டு பனிக்குடம் உடைந்த பிறகு செய்யும் சிசேரியனில் இன்னும் அதிகமாக. ஆக, காயத்துக்குள் கிருமி விழும் காலம் எது? தோலைக் கீறிய நிமிடத்திலிருந்து தையல் முடியும் நிமிடம் வரை. சிசேரியனில் அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

பெனிசிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய 1940-களிலும் 50-களிலும் அறுவை மருத்துவர்கள் அதை ஆவலோடு பயன்படுத்தினார்கள். அறுவை முடிந்து, நோயாளி வார்டுக்குத் திரும்பிய பின் நாள்கணக்கில் ஊசி போட்டார்கள். காயங்கள் சீழ் பிடிப்பது குறையவில்லை. தடுப்புக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதே வீண் என்று அந்தக் காலத்தில் பலர் முடிவுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்த மருந்து சரி, கொடுத்த நேரம் தவறு என்பதைக் காட்டியவர் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். தீக்காயத்துக்குச் செயற்கைத் தோல் உருவாக்கியவர்களில் ஒருவராகப் பின்னாளில் புகழ்பெற்றவர் அவர்.

லண்டனில் ஆஷ்லி மைல்ஸ் என்ற நுண்ணுயிரியல் அறிஞரோடு சேர்ந்து பர்க் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். தோலுக்குள் கிருமி விழுந்ததும் உடல் எவ்வளவு நேரம் அதோடு மும்முரமாகப் போரிடுகிறது? முதல் சில மணி நேரம்தான் தீர்மானமான காலம் என்று அவர்கள் 1957-இல் எழுதினார்கள். பிறகு பர்க் அதையே ஆன்டிபயாடிக்கை வைத்துச் சோதித்து 1961-இல் வெளியிட்டார். கினிப்பன்றிகளின் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியை ஊசியால் செலுத்தினார். சில விலங்குகளுக்குக் கிருமி போவதற்கு முன்பே பெனிசிலின் கொடுத்தார், சிலவற்றுக்கு அதே நேரத்தில், சிலவற்றுக்கு ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம் கழித்து. மறுநாள் தோலில் ஏற்பட்ட வீக்கத்தை அளந்தார். மருந்து முன்பே இருந்த விலங்குகளில், செத்த கிருமியைச் செலுத்தினால் என்ன வீக்கம் வருமோ அவ்வளவுதான் வந்தது. மருந்து தாமதமாகத் தாமதமாக வீக்கம் பெரிதானது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தவற்றில், மருந்தே கொடுக்காத விலங்குக்கு எவ்வளவு வந்ததோ அவ்வளவு வந்தது. அதே மருந்து, அதே அளவு, அதே கிருமி. மூன்று மணி நேரத் தாமதம் மருந்தை வெறும் தண்ணீராக்கிவிட்டது.

ஏன் இப்படி? காயத்தில் விழும் கிருமிகள் முதலில் எண்ணிக்கையில் குறைவு, தனித்தனியாகக் கிடப்பவை. அந்த நேரத்தில் சுற்றியுள்ள திசுநீரில் மருந்து இருந்தால் வெள்ளணுக்களும் மருந்தும் சேர்ந்து அவற்றை எளிதில் தீர்த்துவிடுகின்றன. நேரம் போனால் கிருமிகள் பெருகுகின்றன, தையல்நூலிலும் உறைந்த இரத்தத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. மறுபக்கம், மருந்து போகும் பாதையும் அடைபடுகிறது. கீறிய இடத்தில் சிறு இரத்தக்குழாய்களைச் சூடு வைத்துப் பொசுக்குகிறோம், கட்டுகிறோம், மிச்சம் தானாக உறைகிறது. மருந்து இரத்தத்தின் வழியாகத்தானே காயத்துக்குப் போக வேண்டும்? வாய்க்காலை அடைத்துவிட்டு மதகைத் திறப்பது போன்றதுதான் தையல் போட்ட பிறகு போடும் ஊசி. தண்ணீர் வருகிறது, வயலுக்குப் போவதில்லை.

இது விலங்குகளில் கண்டது. மனிதரில்? அமெரிக்காவில் ஹார்லன் ஸ்டோன் என்ற அறுவை மருத்துவர் இரைப்பை, பித்தப்பை, பெருங்குடல் அறுவைக்கு வந்த 400 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்துப் பார்த்து 1976-இல் எழுதினார். ஒரு குழுவுக்கு அறுவைக்குப் பல மணி நேரம் முன்பே மருந்தைத் தொடங்கினார், இன்னொன்றுக்கு ஒரு மணி நேரம் முன்பு, மூன்றாவதற்கு அறுவை முடிந்த பிறகு, நான்காவதற்கு மருந்தே இல்லை. அறுவைக்கு முன்பு தொடங்கியவர்களில் காயத்தில் சீழ் பிடித்தது நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு. அறுவைக்குப் பிறகு தொடங்கியவர்களில் 14 பேருக்கு. மருந்தே கொடுக்காதவர்களில் 15 பேருக்கு. இந்தக் கடைசி இரண்டு எண்களை நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. அறுவை முடிந்த பின் தொடங்கும் மருந்தின் தடுப்புப் பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அடுத்த கேள்வி, முன்பு என்றால் எவ்வளவு முன்பு? அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை ஒன்றில் 2,847 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 1992-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தந்தது. கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில்தான் தொற்று மிகக் குறைவு, நூற்றுக்கு ஒருவருக்கும் கீழே. அதைவிட முன்கூட்டிக் கொடுத்தவர்களுக்குத் தொற்று பல மடங்கு. முன்கூட்டிக் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு என்ற எண்ணம் பிழை என்பது அப்போது தெரிந்தது. இரத்தத்தில் மருந்து நிற்பதில்லை. சிறுநீரகம் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் கீறலுக்கு முந்தைய 120 நிமிடத்துக்குள் என்று சொல்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல்கள் பெரும்பாலான மருந்துகளுக்கு 60 நிமிடத்துக்குள் என்கின்றன. சிசேரியனுக்கு நாங்கள் பயன்படுத்தும் மருந்து சீக்கிரம் வெளியேறுவது என்பதால் நான் 60 நிமிடத்தையே கடைப்பிடிக்கிறேன். அதற்குள் இருபது நிமிடமா நாற்பது நிமிடமா என்று பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதையே சோதித்தபோது வேறுபாடு காணப்படவில்லை.

சிசேரியனில் இந்த அறிவு வந்து சேர ரொம்பக் காலம் ஆனது. காரணம் குழந்தை. தாய்க்குப் போடும் மருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். பிறந்த குழந்தைக்குக் கிருமித்தொற்று இருந்தால் அது மறைந்துவிடுமோ, கண்டுபிடிக்கத் தாமதமாகுமோ என்று குழந்தை மருத்துவர்கள் அஞ்சினார்கள். நியாயமான அச்சம். ஆகவே தொப்புள்கொடியைக் கட்டி வெட்டும்வரை காத்திருந்து, பிறகுதான் தாய்க்கு ஊசி போடுவார்கள். பல ஆண்டுகள் உலகம் முழுவதும் இதுவே வழக்கம். அப்போதைக்குள் தோல், கொழுப்புப் படலம், கருப்பை எல்லாம் திறந்தாகிவிடும். கிருமி முதலில் போகும், மருந்து பின்னால் போகும்.

பிறகு பத்து ஆய்வுகளில் ஐயாயிரம் பெண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கீறலுக்கு முன் மருந்து பெற்ற தாய்மாருக்குக் கருப்பை, காயத் தொற்றுகள் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. பிறந்த குழந்தைகளுக்குத் தொற்று கூடியதாகத் தெரியவில்லை. அந்த அச்சம் அதோடு முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிறக்கும் முன் மருந்து பட்ட குழந்தைக்குப் பின்னாளில் ஆஸ்துமா, கரப்பான் வருமோ என்ற அடுத்த கேள்வி எழுந்தது. பிரிட்டனில் 2011-இல் இந்த வழக்கத்தை மாற்றினார்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பிறந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. ஆஸ்துமாவும் கரப்பானும் கூடவில்லை. கேள்வி கேட்டவர்களுக்கு நான் மதிப்பளிக்கிறேன். அவர்கள் கேட்டதால்தான் இன்று நாங்கள் தயக்கமின்றிக் கீறலுக்கு முன் ஊசி போடுகிறோம்.

இப்போது ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கற்பனைப் பெண்தான், ஆனால் எங்கள் ஊர் மருத்துவமனைகளில் நாள்தோறும் காணக்கூடியவர். வயது 29, எடை 74 கிலோ. முதல் பிரசவம் சிசேரியன், இதுவும் சிசேரியன், 39-ஆவது வாரத்தில் திட்டமிட்டது. காலை 9.10-க்கு முதுகில் ஊசி போட்டுக் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்கிறேன். 9.15-க்கு செஃபாசோலின் 2 கிராம் நரம்பில் மெதுவாக, சில நிமிடத்தில் ஏற்றுகிறேன். அதற்குள் வயிற்றைச் சுத்தம் செய்து துணி விரிக்கிறார்கள். 9.35-க்குக் கீறல். 9.42-க்குக் குழந்தை. 10.25-க்குத் தோல் தையல் முடிகிறது.

செஃபாசோலின் உடலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகிறது. ஆக 10.25-க்கு மருந்தில் பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. கிருமி விழக்கூடிய ஐம்பது நிமிடமும் காயத்தில் மருந்து நிறைந்திருந்தது. மாலைக்குள் மிச்சமும் போய்விடும், போனால் நல்லதுதான். அந்தப் பெண்ணின் தடுப்பு மருந்து முடிந்தது. ஒரே ஓர் ஊசி.

அதே பெண்ணுக்கு எங்கே தவறு நடக்கலாம் என்று பாருங்கள். பல மருத்துவமனைகளில் இந்த ஊசியை வார்டிலேயே போட்டுவிடுவார்கள். காலை ஆறு மணிக்குத் தோலில் டெஸ்ட் டோஸ், 7.30-க்கு முழு ஊசி, எட்டு மணிக்குத் தியேட்டருக்கு அனுப்புவதாகத் திட்டம். அப்போது குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று ஓர் அவசர சிசேரியன் வருகிறது. பின்னால் இன்னொன்று. நம் பெண்ணின் முறை பகல் ஒரு மணிக்குத்தான் வருகிறது. கீறும்போது மருந்து கொடுத்து ஐந்தரை மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு முறை பாதி என்று போட்டால் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் மிச்சம். கேஸ் ஷீட்டில் “ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்டது” என்று கையெழுத்தோடு இருக்கும். பார்ப்பவர் எல்லாம் சரியாக நடந்தது என்று நினைப்பார். காயத்தில் போதிய மருந்து இல்லை என்பது எந்தத் தாளிலும் தெரியாது. அதனால்தான் இந்த ஊசியை வார்டில் போடாதீர்கள், தியேட்டருக்கு மருந்தைக் கொடுத்தனுப்புங்கள், நாங்கள் போடுகிறோம் என்று செவிலியர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். போட்ட நேரம் மயக்கவியல் தாளில் மணி, நிமிடத்தோடு பதிவாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், கீறலுக்கு முன் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு உரக்கக் கேட்க வேண்டிய கேள்விகளுள் ஒன்று, கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் கொடுத்தாயிற்றா என்பது.

இன்னொரு சூழலும் உண்டு. குழந்தை பிறந்த பிறகு கருப்பை சுருங்காமல் இரத்தப்போக்கு. ஒன்றரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனால் அதோடு மருந்தும் போகிறது. நாங்கள் ஏற்றும் சலைனும் இரத்தமும் மிச்ச மருந்தை நீர்க்கச் செய்கின்றன. அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலும் இதே நிலைதான். அப்போது தியேட்டரிலேயே இரண்டாவது முறை 2 கிராம் கொடுக்கிறோம். மருந்து காயத்தில் இருக்க வேண்டிய நேரம் நீண்டுவிட்டது, அவ்வளவுதான் காரணம். உடல் எடை 120 கிலோவோ அதற்கு மேலோ இருந்தால் முதல் ஊசியே 3 கிராம் என்று அமெரிக்க வழிகாட்டுதல் சொல்கிறது.

ஏன் செஃபாசோலின்? கேட்டால் பழைய மருந்து, விலை குறைந்த மருந்து. அதைவிடப் புதியதாக, “பவர்” கூடியதாக ஏன் போடவில்லை என்று உறவினர்கள் கேட்பதுண்டு. தோல் காயத்தில் சீழ் பிடிக்க வைக்கும் முதல் குற்றவாளி ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். அதைக் கொல்வதில் செஃபாசோலின் வல்லது. மூன்றாம் தலைமுறை மருந்தான செஃப்ட்ரியாக்சோன் இந்தக் கிருமியிடம் அதைவிட வலிமை குறைந்தது. பிறப்புப் பாதையில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகளையும் செஃபாசோலின் பார்த்துக்கொள்ளும். குடல் கிருமியான ஈ.கோலைக்காகத்தானே செஃப்ட்ரியாக்சோன் என்று வாதிடலாம். ஆனால் இந்திய மருத்துவமனைகளில் நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்படும் ஈ.கோலையில் பெரும்பாலானவை அந்த மருந்துக்குப் பணிவதில்லை. அதைத் தடுப்புக்காகத் தினம் தினம் வாரி இறைத்ததும் இந்த நிலைக்கு ஒரு காரணம். நமக்கு ஆதாயம் இல்லாத இடத்தில் அதைச் செலவழித்து, நாளை உண்மையாகவே தேவைப்படும் குழந்தைக்கு அது வேலை செய்யாமல் போகச் செய்கிறோம்.

வலி கண்டு, பனிக்குடம் உடைந்து, பிறகு சிசேரியனுக்கு வரும் பெண்ணின் நிலை வேறு. அங்கே செஃபாசோலினோடு அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது தொற்று நூற்றுக்கு 12-இலிருந்து 6 ஆகக் குறைந்தது என்று 2016-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அங்கே மருந்தைக் கூட்டுவதற்குக் காரணம் இருக்கிறது, அதுவும் அறுவை நேரத்தில் ஒரே முறைதான். தாயின் நலம் மட்டும் பார்த்து மருந்தைத் தேர்ந்தால் போதாது என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்தைக் கீறலுக்கு முன் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டன் வழிகாட்டுதல் சொல்கிறது. குறைமாதக் குழந்தைகளில் குடல் அழுகும் நோயோடு அதற்குத் தொடர்பு காணப்பட்டது.

பெனிசிலின் ஒவ்வாமை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். “எனக்குச் சின்ன வயதில் ஊசி போட்டு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நிறையப் பேர் சொல்வார்கள். கேட்டவுடனே செஃபாசோலினை ஒதுக்கிவிட்டு வேறு மருந்துக்குப் போவது எளிது. ஆனால் அப்படிப் போகும் மாற்று மருந்துகள், கிளிண்டாமைசின், வேங்கோமைசின் போன்றவை, தடுப்பில் செஃபாசோலினுக்கு ஈடாவதில்லை. அவற்றைப் பெற்றவர்களுக்குக் காயத்தொற்று கூடுதலாக வருவதைப் பதிவுகள் காட்டுகின்றன. வேங்கோமைசினை ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரத்தில் அதற்கு நேரமும் இருக்காது. ஒவ்வாமை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான பெனிசிலின் ஒவ்வாமை இருப்பதில்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, ஊசி போட்ட இடத்தில் வலி, காய்ச்சலோடு வந்த தடிப்பு எல்லாம் அந்தப் பெயரில் சேர்ந்துவிடுகின்றன. உண்மையில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் செஃபாசோலின் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. அதன் மூலக்கூறில் ஒவ்வாமையைத் தூண்டும் பக்கக்கிளை பெனிசிலினிலிருந்து வேறுபட்டது. ஆகவே நாங்கள் துருவித் துருவிக் கேட்கிறோம். எந்த மருந்து, போட்டு எவ்வளவு நேரத்தில், மூச்சு அடைத்ததா, முகம் வீங்கியதா, மயங்கி விழுந்தீர்களா, தோல் உரிந்ததா? தோல் உரிந்து கண், வாய் புண்ணானவர்களுக்கு இந்த வகை மருந்தின் பக்கமே போகமாட்டோம். டெஸ்ட் டோஸில் தடிப்பு வரவில்லை என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் அல்ல. அட்ரினலினும் ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு. இதுவும் ஊசியை வார்டில் போடாமல் தியேட்டரில் போடுவதற்கு ஒரு காரணம்.

சரி, ஓர் ஊசி போதும் என்றால் சிசேரியன் முடிந்த பெண்ணுக்கு ஏன் ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல், சில இடங்களில் ஜென்டாமைசினும், வீட்டுக்குப் போகும்போது ஒரு பட்டை மாத்திரையும்? இந்த வழக்கத்தின் பின்னால் இருப்பது அச்சம். வார்டில் கூட்டம், ஒரே கட்டிலில் உறவினரும் உட்கார்வது, வீட்டுக்குப் போனால் சுத்தம் எப்படியோ. அந்தக் கிருமிகளிடமிருந்து காயத்தைக் காப்போம் என்று நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் ஒழுங்காகத் தைத்த தோலின் விளிம்புகள் ஓரிரு நாளுக்குள் மூடிக்கொள்கின்றன. வெளியிலிருந்து கிருமி நுழைய அதன்பின் பெரிய வழி இல்லை. பின்னாளில் சீழ் பிடிக்கும் காயங்களில் பெரும்பாலானவற்றில் கிருமி மேசையிலேயே உள்ளே போயிருக்கிறது. அப்போது மருந்து இருந்ததா இல்லையா என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

நம் ஊர் நிலைமை வேறு, வெளிநாட்டுக் கணக்கு இங்கே பொருந்தாது என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் தான்சானியாவின் முவான்சா நகரில் 500 பெண்களிடம் நடந்த ஆய்வைச் சொல்கிறேன். வசதி குறைந்த, நெரிசல் மிகுந்த மருத்துவமனைச் சூழல். பாதிப் பேருக்குச் சிசேரியனுக்கு முன் ஒரே முறை மருந்து, மீதிப் பேருக்கு அதே மருந்தை அறுவைக்குப் பிறகும் தொடர்ந்தார்கள். தொடர்ந்து கொடுத்ததால் தொற்று குறையவில்லை. எல்லா வகை அறுவைகளையும் சேர்த்து 52 ஆய்வுகளை 2020-இல் ஒன்றாகப் பார்த்தபோதும், நேரம் தவறாமல் முதல் ஊசி போட்ட இடங்களில் பின்னால் தொடர்ந்த மருந்தால் கூடுதல் பயன் இல்லை என்றே தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல், தடுப்பு மருந்தை அறுவைக்குப் பின் நீட்டிக்காதீர்கள் என்று வெளிப்படையாக எழுதியது.

ஒரு விலக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். உடல் பருமன் அதிகமான பெண்களில், வழக்கமான முதல் ஊசியோடு சிசேரியனுக்குப் பின் 48 மணி நேரம் இரண்டு மாத்திரைகளைக் கொடுத்தபோது காயத்தொற்று நூற்றுக்கு 15-இலிருந்து 6 ஆகக் குறைந்தது என்று 2017-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே மருத்துவமனையில் 403 பேரிடம் செய்தது. அதை எல்லாப் பெண்களுக்கும் விரிக்க முடியாது. ஆனால் அந்தக் குழுவுக்கு அது பேசத் தகுந்த சான்று. அங்கும் கணக்கு இரண்டு நாள்தான், ஐந்து நாள் அல்ல.

“நான் ஐந்து நாள் கொடுக்கிறேன், என் நோயாளி யாருக்கும் சீழ் பிடிப்பதில்லை” என்று சக மருத்துவர்கள் சிலர் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காயத்தொற்று பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. அதற்குள் தாய் வீட்டுக்குப் போயிருப்பார். சீழ் வந்தால் பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டுவார். அறுவை செய்தவருக்குத் தெரியாது. காயத்தை 30 நாள் வரை தொலைபேசியிலாவது கேட்டுப் பதிவு செய்யாத மருத்துவமனைக்குத் தன் தொற்றுக் கணக்கு தெரிய வழியில்லை. இரண்டாவது, ஓர் ஊசி போட்டாலே பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் வராது. வராமல் போனதற்கான பெயரை ஐந்தாம் நாள் மருந்து எடுத்துக்கொள்கிறது.

நீட்டிப்பதால் நட்டம் உண்டா? உண்டு. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஏறத்தாழ 79,000 அறுவைகளைப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், தடுப்பு மருந்து ஒவ்வொரு நாள் நீளும்போதும் சிறுநீரகப் பாதிப்பும், க்ளாஸ்ட்ரிடியம் கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கும் கூடின, காயத்தொற்று மட்டும் குறையவில்லை. அவர்கள் பெரும்பாலும் வயதான ஆண்கள், சிசேரியன் பெண்கள் அல்ல. ஆனால் ஜென்டாமைசின் யாருடைய சிறுநீரகத்தையும் பார்த்து விலகிப்போவதில்லை. தாயின் குடலில் மருந்துக்குப் பணியும் கிருமிகள் சாக, பணியாதவை இடம் பிடிக்கின்றன. அந்தத் தாயோடு ஒட்டிக்கிடக்கும் குழந்தைக்குத்தான் அவை முதலில் போகின்றன. இதற்கு மேல் நரம்பில் ஊசிக்குழாய் நாள்கணக்கில் குத்தியிருக்க, வலியோடு குழந்தையை அணைத்துப் பால் கொடுக்கத் திணறும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்தக் குழாய் அங்கே இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், தேவையில்லாத ஆன்டிபயாடிக்.

ஊசி மட்டுமே தொற்றைத் தடுக்காது. அறுவைக்கு முதல் நாள் பிளேடால் மழிப்பது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கித் தொற்றைக் கூட்டும். தேவைப்பட்டால் கிளிப்பரால் கத்தரித்தால் போதும். ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினால் தோலைச் சுத்தம் செய்து காய விடுவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், பெண்ணின் உடல் குளிர்ந்துபோகாமல் காப்பதும் சேர்ந்தே வேலை செய்கின்றன. இவற்றைத் தவறவிட்டு ஐந்து நாள் மருந்தால் ஈடுகட்ட முடியாது.

இங்கே வந்திருக்கும் பெண்களுக்கும் குடும்பத்தாருக்கும் நான்கு வேண்டுகோள். உங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதன் பெயர், என்ன நடந்தது, எத்தனை வயதில் என்று ஒரு தாளில் எழுதி மகப்பேறு அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் காலையில் ஆன்டிபயாடிக் போட்டு, உங்கள் முறை தள்ளிப்போயிருந்தால், தியேட்டருக்குள் வரும்போது மயக்க மருத்துவரிடம் அதை நீங்களே சொல்லுங்கள். அவர் கோபிக்கமாட்டார், நன்றி சொல்வார். சிசேரியனுக்குப் பின் ஆன்டிபயாடிக் தொடர்ந்தால், “எனக்கு எந்தத் தொற்றுக்காக இது?” என்று கேளுங்கள். தொற்று இருந்தால் மருத்துவர் அதன் பெயரைச் சொல்வார், அப்போது முழுமையாகச் சாப்பிடுங்கள். வீட்டுக்குப் போன பின் காயம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்காமல், அறுவை செய்த மருத்துவமனைக்கே திரும்பி வாருங்கள்.